பிள்ளையிடம் டேப்லெட்டைக் கொடுக்கும் முன்: அழிப்பது வேறு, லாக்அவுட் செய்வது வேறு

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அதோடு பள்ளி விடுமுறையும் சேர்ந்துகொள்ளும். பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் ஆண்கள் வீட்டில் இருப்பார்கள், பிள்ளைகளும் வீட்டில் இருப்பார்கள், நாலு பேர் மாறி மாறிப் பயன்படுத்திய பழைய டேப்லெட் அலமாரியிலிருந்து இறங்கி ஒரு பிள்ளையின் கைக்குப் போகும். கொடுக்கும் முன் "எல்லாம் எடுத்தாச்சு" என்று பெரியவர்கள் சொல்வது பெரும்பாலும் முகப்புத் திரையில் இருந்த ஐகான்களைத்தான். ஐகானைத் திரையிலிருந்து நீக்கினால் ஆப் போகாது. விரலை மேலே தள்ளினால் எல்லா ஆப்களும் இருக்கும் பட்டியல் வரும், அங்கே எல்லாம் அப்படியே இருக்கும், அந்தப் பட்டியலைத் திறக்க ஏழு எட்டு வயதுப் பிள்ளைக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

கீழக்கரையில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இதுதான் நடந்தது. வாப்பா துபாயில் இருக்கிறார், பிள்ளைகள் காக்கா என்று கூப்பிடும் பெரிய மகனும் அங்கேதான். டேப்லெட்டில் உம்மாவின் வாட்ஸ்அப் இணைப்புச் சாதனமாக இருந்தது, காக்காவின் ஃபேஸ்புக் இருந்தது, ராத்தா என்று கூப்பிடும் அக்கா குரோமில் எப்போதோ திறந்த இன்ஸ்டாகிராம் இருந்தது. சின்ன மகளுக்குக் கொடுக்கும்போது உம்மா ஐகானை மட்டும் நீக்கினார். இரண்டாவது நாள் தெருப் பெண்களின் சீட்டுக் குழுவில் பிள்ளையின் குரல் பதிவு ஒன்று வந்து விழுந்தது. அதுகூடப் பரவாயில்லை. பதறிப்போன உம்மா டேப்லெட்டை வாங்கி, உரையாடல்களை ஒவ்வொன்றாக அழித்தார், வாப்பாவுடையது உட்பட. கொஞ்ச நேரம் கழித்து போனை எடுத்துப் பார்த்தால் அதிலும் இல்லை. வாப்பா இத்தனை காலம் அனுப்பிய குரல் பதிவுகள் அந்த உரையாடலில்தான் இருந்தன.

எல்லாத் தவறுகளிலும் இதைத்தான் பெரிய தவறு என்பேன். வாட்ஸ்அப்பில் ஒரு போனோடு நாலு சாதனங்கள் வரை இணைக்கலாம், அவை எல்லாமே ஒரே கணக்குதான். டேப்லெட்டில் ஓர் உரையாடலை அழித்தால் போனிலும் அழியும். பிள்ளை பார்க்கக் கூடாது என்றால் அழிக்க வேண்டாம், அந்த டேப்லெட்டை லாக்அவுட் செய்தால் போதும். உங்கள் போனில் வாட்ஸ்அப்பைத் திறந்து Linked devices என்பதற்குள் போனால் இணைந்துள்ள சாதனங்கள் வரிசையாகத் தெரியும். டேப்லெட்டின் பெயரைத் தொட்டு Log out கொடுங்கள். டேப்லெட்டில் இருந்த உரையாடல்கள் போய்விடும், போனில் இருப்பது தொடப்படாது. இதைச் செய்யும்போது டேப்லெட்டில் இணையம் இருக்கட்டும். அப்புறம் டேப்லெட்டில் அந்த ஆப்பைத் திறந்து பாருங்கள், புதிதாக இணைக்கச் சொல்லும் பக்கம் வந்தால்தான் வேலை முடிந்தது என்று அர்த்தம். அதற்குப் பிறகு ஆப்பை நீக்குங்கள்.

"போன் இங்கே இல்லையே, அணைத்துத்தானே கிடக்கிறது, டேப்லெட்டில் எப்படி ஓடும்?" என்று கேட்பவர்கள் உண்டு. ஓடும். போனைத் தொடர்ந்து 14 நாட்களுக்கு மேல் பயன்படுத்தாமல் விட்டால்தான் இணைப்புகள் தானாக அறுபடும். அதுவரை டேப்லெட் தனியாகவே செய்தி வாங்கும், அனுப்பும். வெளிநாடு போன மகனின் வாட்ஸ்அப் இங்கே இணைந்திருந்தால் அவர் போனை அங்கே தினமும் பயன்படுத்துவதால் அது அறுபடவே அறுபடாது. ஆனால் இதில் ஒரு வசதியும் உண்டு, அவர் துபாயில் இருந்தபடியே தன் போனில் லாக்அவுட் கொடுக்கலாம். ஒரு போன் போட்டு "காக்கா, Linked devices போய் நம்ம டேப்லெட்டை எடுத்து விடுங்க" என்று சொன்னால் போதும்.

டேப்லெட்டில் சிம் போட்டு, அந்த எண்ணிலேயே வாட்ஸ்அப்பைப் பதிந்திருந்தால் கதை வேறு. அங்கே டேப்லெட்தான் மூலச் சாதனம். முதலில் பேக்கப் எடுங்கள், அதே எண்ணை ஒரு போனில் பதிந்து உரையாடல்களை மீட்டுக்கொள்ளுங்கள், எல்லாம் வந்ததைப் பார்த்த பிறகு டேப்லெட்டில் நீக்குங்கள். சிம்மையும் எடுத்துவிடுங்கள், வங்கி ஓடிபி அதற்குத்தான் வந்துகொண்டிருக்கும்.

அடுத்தது ஃபேஸ்புக். ஃபேஸ்புக்கில் லாக்அவுட் செய்துவிட்டு மெசஞ்சரை மறந்துவிடுகிறார்கள். இரண்டும் தனித்தனி ஆப், மெசஞ்சர் உள்ளேயே இருக்கலாம், பழைய உரையாடல்களும் அங்கேதான். லாக்அவுட் செய்த பிறகும் நுழைவுப் பக்கத்தில் படமும் பெயரும் நின்றால், லாக்இன் விவரம் சேமிக்கப்பட்டிருக்கிறது, பிள்ளை அந்தப் படத்தைத் தொட்டாலே கடவுச்சொல் இல்லாமல் உள்ளே போகலாம். அந்தப் பெயரையும் அங்கிருந்து நீக்க வேண்டும். கணக்குக்காரர் தன் போனில் Accounts Center போய், Password and security என்பதில் Where you're logged in என்ற பட்டியலைப் பார்த்தால் இந்த டேப்லெட் இன்னும் உள்ளே இருக்கிறதா என்று தெரிந்துவிடும். இன்ஸ்டாகிராமுக்கும் இதே இடம்தான்.

ராத்தாவுடையது போல ஆப்பே இல்லாமல் குரோமில் மட்டும் திறந்த கணக்குகள் லேசில் கண்ணில் படாது. குரோமில் facebook.com, instagram.com, web.whatsapp.com மூன்றையும் ஒருமுறை திறந்து பாருங்கள். நேராக உள்ளே போனால் லாக்அவுட் செய்யுங்கள். குரோம் அமைப்புகளில் Google Password Manager உள்ளேயும் எட்டிப் பாருங்கள், கூகுள் கணக்கு டேப்லெட்டில் இருக்கும்வரை சேமித்த கடவுச்சொற்கள் அதோடு இருக்கும். கல்ஃப் வீடுகளில் இன்னொன்றும் உண்டு: அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்பு தடுக்கப்பட்டிருப்பதால் பேசுவதற்கென்று போட்ட போட்டிம், ஐமோ. அவற்றிலும் அரட்டையும் தொடர்பு எண்களும் இருக்கும்.

கணக்குகள் போனாலும் படங்கள் போகாது. குழுக்களில் வந்த விபத்துப் படங்கள், கடலில் கிடைத்த உடலின் படங்கள் போன்றவை தானாக இறங்கி கேலரியில் கிடக்கும், பிள்ளை முதலில் திறப்பதும் கேலரியைத்தான். ஃபைல் மேனேஜரில் Android/media/com.whatsapp என்ற கோப்புறை இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள், ஆப்பை நீக்கிய பிறகும் பல டேப்லெட்களில் அது நிற்கும். வேண்டிய படங்களை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு அதை நீக்கலாம்.

கூகுள் போட்டோஸில் மட்டும் கை வைக்கும் முன் நிதானம் வேண்டும். வாட்ஸ்அப்பில் நடந்ததுதான் அங்கேயும் நடக்கும், பேக்கப் ஆன படத்தை டேப்லெட்டில் அழித்தால் கணக்கிலிருந்தே போகும், போனில் பார்த்தாலும் இருக்காது. அவசரத்தில் அழித்துவிட்டால் உடனே Trash பாருங்கள். பேக்கப் ஆன படம் 60 நாள் அங்கே இருக்கும், ஆகாதது 30 நாள். சரி, பிள்ளை பார்க்கக் கூடாத படத்தை வேண்டுமென்றே அழித்திருந்தால் இதே காரணத்துக்காக Trash-ஐயும் காலி செய்ய வேண்டும். படங்கள் கணக்கில் இருக்கட்டும், டேப்லெட்டில் தெரிய வேண்டாம் என்றால், அந்தக் கூகுள் கணக்கையே டேப்லெட்டின் அமைப்புகளில் Accounts பகுதிக்குப் போய் நீக்கிவிடுங்கள். சேமித்த கடவுச்சொற்களும் அதோடு டேப்லெட்டை விட்டுப் போகும்.

டேப்லெட்டைப் பெரியவர்களும் தொடர்ந்து பயன்படுத்தப் போகிறார்கள் என்றால் இத்தனையையும் நீக்கிக்கொண்டிருக்க முடியாது. அமைப்புகளில் Users என்று தேடிப் பாருங்கள், இருந்தால் பிள்ளைக்கென்று தனிப் பயனரை உருவாக்குங்கள், ஆப், கணக்கு, படம் எல்லாம் தனியாகிவிடும். பெரியவர் பயனருக்கு PIN எண் போடாமல் விட்டால் மட்டும் அது பயனில்லை, மேலிருந்து திரையை இழுத்து ஒரு தொடுதலில் பிள்ளை அந்தப் பக்கம் வந்துவிடும்.