பிஎம்ஐ 22.3: ஒருவருக்கு 9 சதவீதக் கொழுப்பு, இன்னொருவருக்கு 21

2004-இல் லான்செட் மருத்துவ இதழில் இரண்டு மருத்துவர்கள் அருகருகே நிற்கும் படம் ஒன்று வந்தது. ஒருவர் புனேயைச் சேர்ந்த யாஜ்னிக், மற்றவர் லண்டனைச் சேர்ந்த யுட்கின். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. எலும்பு, தசை, கொழுப்பு எனப் பிரித்து எக்ஸ்ரே மூலம் அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் பார்த்தால் யுட்கின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடலில் 21.2 சதவீதம். இருவருக்கும் எடை 65 கிலோ என்று வைத்துக்கொண்டால், ஒருவருக்கு 6 கிலோ கொழுப்பு, மற்றவருக்கு கிட்டத்தட்ட 14 கிலோ.

பிஎம்ஐ-யைக் கொழுப்பின் அளவாக நினைப்பதுதான் முதல் தவறு. எடையைக் கிலோவில் எடுத்து, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கிறோம், அவ்வளவுதான் கணக்கு. அந்த எடையில் எலும்பு எவ்வளவு, தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்பது அதற்குத் தெரியாது. தெற்காசியர்களுக்குப் பொதுவாக எலும்புக்கூடு ஒடிசல், தசையும் குறைவு. அந்தக் குறையைக் கொழுப்பு நிரப்பிவிடுவதால் மொத்த எடை ஒன்றாகவே வந்து நிற்கும். போதாக்குறைக்கு, அந்தக் கொழுப்பு தொடையில் சேராமல் வயிற்றுக்குள், கல்லீரலைச் சுற்றிச் சேரும் போக்கும் நம்மிடம் அதிகம். சர்க்கரை நோய்க்கு வழி விடுவது முக்கியமாக அந்த வயிற்றுக் கொழுப்புதான்.

இதைக் கேட்டதும் “எல்லாம் ஜீன்” என்று முடித்துவிடுவார்கள். அதுவும் தவறு. யுட்கின் மாரத்தான் ஓடுபவர். தன் உடற்பயிற்சியெல்லாம் மருத்துவமனை லிஃப்டின் கதவு மூடுவதற்குள் ஓடிப் பிடிப்பதுதான் என்று யாஜ்னிக் அந்தக் கட்டுரையிலேயே கிண்டலாக எழுதியிருந்தார். ஆக அந்த வித்தியாசத்தில் பழக்கத்துக்கும் பங்கு உண்டு. ஆனால் பழக்கம் மட்டுமே காரணமும் இல்லை. யாஜ்னிக் குழுவினர் புனே அருகே கிராமங்களில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள். புனே குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, அங்கே 3.5 கிலோ. எடை, தசை, வயிற்று உறுப்புகள் எல்லாமே சிறிதாக இருந்தும், முதுகுத் தோலுக்கடியில் உள்ள கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. சோம்பேறித்தனத்துக்கே வாய்ப்பில்லாத வயது அது! கர்ப்பகாலத்தில் தாய்க்குக் கிடைத்த ஊட்டமும் இதில் சேர்கிறது.

அடுத்த தவறு, மொபைல் செயலியில் பிஎம்ஐ 25 வரை பச்சை காட்டுவதை அப்படியே நம்புவது. உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு ஆசியர்களுக்குக் கவனிக்க வேண்டிய புள்ளிகளாக 23-ஐயும் 27.5-ஐயும் சேர்த்தது. இந்தியாவில் 2009-இல் வந்த ஒருமித்த பரிந்துரை இன்னும் கறாரானது: 23 முதல் அதிக எடை, 25 முதல் உடல் பருமன். இங்கிலாந்தில் நடந்த ஒரு பெரிய ஆய்வு 2021-இல் வெளியானது. வெள்ளையர்களுக்கு 30-இல் இருக்கும் சர்க்கரை நோய் அபாயம் தெற்காசியர்களுக்கு 23.9-இலேயே வந்துவிடுகிறது என்றது அது.

சரி, அப்படியானால் வெள்ளையர் அல்லாத எல்லோருக்கும் பிஎம்ஐ வரம்பைக் கீழே இறக்கிவிடலாமா? கூடாது. சமோவா போன்ற பசிபிக் தீவு மக்களுக்கு நிலைமை தலைகீழ்: அதே பிஎம்ஐ-யில் ஐரோப்பியர்களைவிடத் தசை அதிகம், கொழுப்பு குறைவு. ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களுக்கு உடற்பகுதியோடு ஒப்பிட்டால் கால்கள் நீளம் என்பதால் பிஎம்ஐ குறைவாகவே காட்டும், உள்ளே கொழுப்பு இருந்தாலும். இதெல்லாம் சராசரிதான் என்பதையும் மறக்கக் கூடாது. பளு தூக்கும் ஒரு தமிழருக்கு 26 வந்தால் அவர் குண்டு என்று ஆகிவிடாது.

கொழுப்புச் சதவீதம் காட்டும் வீட்டு எடை மெஷினை நம்பலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அது கொழுப்பை நேரடியாக அளப்பதில்லை. பாதம் வழியாக மெல்லிய மின்சாரத்தைச் செலுத்தி, கிடைக்கும் தடையை உயரம், வயது, பாலினத்தோடு ஒரு சூத்திரத்தில் போட்டு ஊகிக்கிறது. சூத்திரம் வேறொரு மக்களை வைத்து உருவாக்கியதாக இருந்தால் ஊகமும் பிசகும்.

அதைவிட இஞ்ச் டேப் மேல். 168 செ.மீ. உயரம், 67 கிலோ எடையுள்ள ஒரு ஆணை எடுத்துக்கொள்வோம். பிஎம்ஐ 23.7, செயலி பச்சை காட்டும். பேன்ட் சைஸ் 34 என்பதால் அவரும் நிம்மதியாக இருப்பார். ஆனால் பேன்ட் நிற்பது தொப்பைக்குக் கீழே. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்முனைக்கும் நடுவே, சட்டையைத் தூக்கி, வயிற்றை எக்காமல், மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில் டேப்பைச் சுற்றினால் 94 செ.மீ. வருகிறது. இந்திய ஆண்களுக்கு வரம்பு 90, பெண்களுக்கு 80. இவர் எடையைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால், வெறும் வயிற்றில் சர்க்கரையும், ட்ரைகிளிசரைடு என்னும் ரத்தக் கொழுப்பும் பார்த்துவிடுவது நல்லது.