காது அடைப்பு நீங்கிய விதம்
நான்கு நாட்களாக வலது காது அடைத்திருந்தது. பஞ்சுக் குச்சி அழுக்கை இன்னும் உள்ளே தள்ளியது. அழுக்கை இளக்க உட்கார்ந்தபடி விட்ட சோடியம் பைகார்பனேட் சொட்டு மருந்து கழுத்தில் வழிந்தது.

மருத்துவர் முதலில் செவிப்பறையைப் பார்த்தார். அதில் ஓட்டை இருந்தாலோ சீழ் வடிந்தாலோ இந்த மருந்து கூடாது. நடுக்காதுக்குள் இறங்கி வலியும் தலைச்சுற்றலும் தரும் என்றார். எனக்கு ஓட்டையும் இல்லை, சீழும் இல்லை.

புட்டியை உள்ளங்கையில் வெதுவெதுப்பாக்கினேன். இடப்பக்கமாகப் படுத்து, காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து ஐந்து சொட்டு விட்டேன். துளைக்கு முன்னிருக்கும் சிறு குருத்தெலும்பை மெல்ல அழுத்தியதும் சிக்கியிருந்த காற்று குமிழாக வெளியேறி மருந்து இறங்கியது. இதைத்தான் நான் தவறவிட்டிருந்தேன்! பத்து நிமிடம் எழவில்லை.

மறுநாள் அடைப்பு கூடியது. அழுக்கு ஊறிப் பருத்ததே காரணம். தொடர்ந்து விட்டேன். ஐந்தாம் நாள் காலை தலையணையில் பழுப்புக் கறை, வலது காதில் மின்விசிறிச் சத்தம் மீண்டும் தெளிவாகக் கேட்டது.