பெரியவர்களுக்குச் சாப்பிடும்போது அடிக்கடி புரையேறுகிறதா? வீட்டில் படிப்படியாகச் செய்ய வேண்டியவை

நம் வீடுகளில் யாருக்காவது புரையேறினால் "யாரோ நினைக்கிறாங்க" என்று சொல்லிக்கொண்டே உச்சந்தலையில் இரண்டு தட்டு தட்டுவோம். கையோடு ஒரு டம்ளர் தண்ணீரையும் நீட்டுவோம். பக்கவாதம் வந்து வீடு திரும்பிய என் அப்பாவுக்கும் மூன்று வாரம் இதைத்தான் செய்தோம். குழைந்த சாதம் ஓரளவு இறங்கியது. காபிக்கும் தண்ணீருக்கும் மட்டும் இருமினார். சாதமே இறங்கும்போது தண்ணீரில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்து, இருமும்போதெல்லாம் இன்னும் தண்ணீர் கொடுத்தோம். நான்காவது வாரம் காய்ச்சல் வந்து, நிமோனியா என்று மருத்துவமனையில் சேர்த்தோம். விழுங்குவதைப் பரிசோதித்துப் பயிற்சி தருபவரும் ஸ்பீச் தெரபிஸ்ட்தான் என்பது அங்கேதான் எங்களுக்குத் தெரிந்தது. அவரிடம் கற்று ஒன்றரை வருடமாக வீட்டில் செய்து வருவதை இங்கே எழுதுகிறேன்.

தண்ணீர் ஏன் ஆபத்து?

தொண்டையில் மூச்சுக்குழாய் முன்னாலும் உணவுக்குழாய் பின்னாலும் இருக்கின்றன. விழுங்கும் கணத்தில் குரல்வளை மேலே எழும்பி மூச்சுக்குழாயின் வாயை மூடிக்கொள்கிறது. இது சுமார் ஒரு நொடியில் நடந்து முடியும். பக்கவாதம், பார்க்கின்சன், மறதிநோய் உள்ளவர்களுக்கு இந்த மூடல் தாமதமாகலாம் அல்லது பலவீனமாகலாம். குழைந்த சாதம் மெதுவாக நகர்வதால் தொண்டைக்குக் கொஞ்சம் நேரம் கிடைக்கிறது. தண்ணீர் அப்படிக் காத்திருக்காது. கதவு மூடுவதற்குள் ஓடி நுரையீரல் பக்கம் போய்விடும். அப்பாவின் இருமல் காபிக்கு மட்டும் வந்ததற்குக் காரணம் இதுதான்.

படி 1: ஒரு வேளைச் சாப்பாட்டை முழுதாகக் கவனியுங்கள்

டிவியை அணைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து, முதல் வாயிலிருந்து கடைசி வாய் வரை பாருங்கள். எதற்கு இருமுகிறார், தண்ணீருக்கா, சாதத்துக்கா, மாத்திரைக்கா என்று குறித்துக்கொள்ளுங்கள். விழுங்கியதும் "ஆ" என்று சொல்லச் சொல்லுங்கள். தொண்டையில் தண்ணீர் நிற்பதுபோல் குரல் களகளவென்று கேட்டால் அது முக்கியமான அறிகுறி. விழுங்கிய பிறகு வாயைத் திறக்கச் சொல்லி, கன்னத்துக்குள் சோறு ஒதுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பக்கவாதம் வந்த பக்கம் உணர்ச்சி குறைந்திருந்தால் அது அங்கே தங்கியிருப்பதே அவர்களுக்குத் தெரியாது. சாப்பிட அரை மணிக்கு மேல் ஆவது, கண்ணில் நீர் கோர்ப்பது, பிடித்த பண்டத்தையே வேண்டாம் என்று ஒதுக்குவது, வேட்டியும் ரவிக்கையும் தொளதொளவென்று ஆகும் அளவுக்கு உடம்பு இளைப்பது ஆகியவற்றையும் எழுதி வையுங்கள்.

இருமலே வராமலும் உணவு மூச்சுக்குழாய்க்குள் போகலாம். உள்ளே உணர்ச்சி மங்கிவிட்டால் உடம்பு எச்சரிக்காது. காரணம் தெரியாமல் காய்ச்சலும் சளியும் திரும்பத் திரும்ப வந்தால், "சாப்பிடும்போது இருமவே இல்லையே" என்று விட்டுவிடாதீர்கள்.

இவற்றில் ஏதாவது இருந்தால் எழுதியதை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போய், விழுங்கும் பரிசோதனை வேண்டும் என்று கேளுங்கள். தேவைப்பட்டால் எக்ஸ்ரே வீடியோவிலோ மூக்கு வழியாக மெல்லிய கேமரா விட்டோ பார்ப்பார்கள். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து வீட்டிலேயே சோதித்துப் பார்க்க வேண்டாம். நீரைக் கெட்டியாக்க வேண்டுமா, எந்த அளவுக்கு என்பது பரிசோதனைக்குப் பிறகு அவர்கள் சொல்ல வேண்டியது. ஆனால் அடுத்த படியை இன்றைக்கே தொடங்கலாம்.

படி 2: உட்கார வைப்பது

நாங்கள் அப்பாவைக் கட்டிலில் தலையணை அடுக்கிச் சாய்த்துதான் ஊட்டினோம். பத்து நிமிஷத்தில் அவர் சறுக்கிவிடுவார், முகவாய் மேலே போய்விடும். ஈசிசேரிலும் அதே கதைதான்.

கை வைத்த மர நாற்காலி நல்லது. இடுப்பு நாற்காலியின் பின்பக்கத்தைத் தொடும்படி உள்ளே தள்ளி, முதுகு நேராக இருக்கும்படி உட்கார வையுங்கள். இரண்டு பாதங்களும் தட்டையாக ஊன்றியிருக்க வேண்டும். எட்டாவிட்டால் ஒரு மணைப்பலகையைக் கீழே போடுங்கள். கால் தொங்கினால் உடம்பு வழுக்கும். பலவீனமான பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கம் ஒரு துண்டைச் சுருட்டிச் செருகுங்கள். படுக்கையை விட்டு எழவே முடியாதவர் என்றால் தலைப்பக்கத்தை முடிந்த அளவு நிமிர்த்தி, சறுக்காமல் இருக்க முழங்காலுக்கு அடியில் தலையணை வையுங்கள்.

தலை நேராக இருக்கட்டும், முகவாய் மேலே தூக்காமல் இருக்கட்டும். நம் பழக்கத்தில் மிகவும் ஆபத்தானது அண்ணாந்து குடிப்பதுதான். எச்சில் படாமல் சொம்பைத் தூக்கிக் குடித்துப் பழகியவர்கள் எழுபது வயதில் அதை விடுவது சிரமம். ஆனால் தலை பின்னால் போனால் மூச்சுக்குழாயின் பாதை நேராகத் திறந்துகொள்கிறது, தண்ணீரும் வேகமாக விழுகிறது. அப்பாவுக்கு வாய் அகலமான டம்ளர் வாங்கினோம். தலையைத் தூக்காமலே கடைசி வாய் வரை குடிக்கலாம். மாத்திரைக்கும் அண்ணாந்து பார்க்கக் கூடாது. பொடித்துத் தரலாமா என்பதை மருந்துக்கு மருந்து கேட்டுக்கொள்ளுங்கள், மெதுவாகக் கரையும் மாத்திரைகளைப் பொடிக்கக் கூடாது.

முகவாயை நெஞ்சோடு அழுத்தி விழுங்கும் முறை ஒன்றும் உண்டு. சிலருக்கு உதவும், சிலருக்குக் கெடுதல். தெரபிஸ்ட் சொன்னால் மட்டும் செய்யுங்கள்.

ஊட்டுபவரும் உட்கார வேண்டும். நீங்கள் நின்றுகொண்டு ஊட்டினால் அவர் உங்களை நிமிர்ந்துதான் பார்ப்பார். அம்மா நின்றே பழகியவர். அவருக்கு ஒரு முக்காலி போட்ட பிறகுதான் இந்தக் குறை தீர்ந்தது.

படி 3: சாதத்தின் பதம்

உணவின் பதத்தை 0 முதல் 7 வரை நிலைகளாகப் பிரிக்கும் சர்வதேச அளவுகோல் ஒன்று இருக்கிறது. ஐ.டி.டி.எஸ்.ஐ. என்பார்கள். தண்ணீர் 0, வழக்கமான சாப்பாடு 7. அப்பாவுக்குச் சாப்பாடு 5, குடிப்பது 2 என்று சொன்னார்கள். ஐந்தாம் நிலை என்றால் மென்மையாகவும் ஈரமாகவும், கட்டி இருந்தால் 4 மில்லிமீட்டருக்கு மேல் போகாமலும் இருக்க வேண்டும். சாதாரண முள்கரண்டியின் இரண்டு பற்களுக்கு நடுவே உள்ள இடைவெளி ஏறக்குறைய அவ்வளவுதான்.

வயதானவர்களுக்கு ரசம் சாதம் நல்லது என்றுதான் எல்லாரும் சொல்வோம். ஆனால் சோறு வேறாகவும் ரசம் வேறாகவும் நிற்கும் ரசம் சாதம் இவர்களுக்குப் பொல்லாதது. வாயில் சோற்றைக் கூட்டிக்கொண்டிருக்கும்போதே ரசம் முந்திக்கொண்டு தொண்டைக்குப் போய்விடும். சாம்பாரில் மிதக்கும் இட்லி, பாலில் போட்ட அவல், மோர் ஊற்றிய பழைய சோறு எல்லாம் இதே வகை.

நாங்கள் செய்வது இப்படி. ஒரு பங்கு பச்சரிசிக்கு ஐந்து பங்கு தண்ணீர், ஒரு கைப்பிடி பாசிப்பருப்பு, எல்லாவற்றையும் குக்கரில் நன்றாகக் குழைய விடுவோம். சூட்டோடு மத்தால் மசித்து, வடிகட்டிய ரசத்தைக் கரண்டி கரண்டியாகச் சேர்ப்போம். மிளகுத் தோலும் கறிவேப்பிலையும் தக்காளித் தோலும் அதில் இருக்கக் கூடாது. ஒரு ஸ்பூன் நெய் விட்டுக் கிளறி, ஐந்து நிமிடம் அப்படியே வைப்போம்.

அப்புறம் இரண்டு சோதனை. தட்டைச் சாய்த்துப் பாருங்கள். ஓரத்தில் தண்ணீர் தனியாகப் பிரிந்து ஓடினால் தளர்வு, இன்னும் கொஞ்சம் சாதம் மசித்துச் சேர்க்க வேண்டும். அடுத்து ஒரு ஸ்பூன் எடுத்துச் சாய்த்து லேசாக ஆட்டுங்கள். வடிவம் கலையாமல் மொத்தமாக வழுக்கி விழ வேண்டும். களி போல ஸ்பூனிலேயே ஒட்டிக்கொண்டால் தொண்டையிலும் ஒட்டும், சூடான ரசமும் நெய்யும் சேர்த்துத் தளர்த்துங்கள். ஆறினால் சாதம் இறுகும். அதனால் பாதிச் சாப்பாட்டில் மறுபடி ஒருமுறை பாருங்கள்.

முறுக்கு, நிலக்கடலை, உதிரும் புட்டு, கொழுக்கட்டை போன்றவற்றை நாங்கள் நிறுத்திவிட்டோம். இட்லி மெத்தென்று இருந்தாலும் வாயில் உருண்டையாகத் திரளும், நன்கு ஊற வைத்து மசித்த பிறகுதான் தருகிறோம்.

படி 4: குடிப்பதன் பதம்

இதைக் கண்ணால் மதிப்பிட்டால் தினமும் ஒரு பதம் வரும். மருந்துக்கடையில் 10 மில்லி சிரிஞ்ச் வாங்கி, ஊசி இல்லாமல், தண்டை உருவிவிடுங்கள். முனையை விரலால் மூடி, 10 கோடு வரை கஞ்சியை ஊற்றுங்கள். விரலை எடுத்துச் சரியாக 10 நொடி ஓட விட்டு, மறுபடி மூடுங்கள். 4 முதல் 8 மில்லிக்குள் மிச்சம் இருந்தால் அது இரண்டாம் நிலை. ஒரு மில்லிகூட மிஞ்சாவிட்டால் அது தண்ணீர்தான். பிராண்டுக்குப் பிராண்டு சிரிஞ்சின் நீளம் மாறும். 0 கோட்டிலிருந்து 10 கோடு வரை 61.5 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று அளந்து வாங்குங்கள்.

அரிசிக் கஞ்சியில் எங்களுக்கு ஒரு சிக்கல் வந்தது. தொடங்கும்போது சரியாக இருக்கும், பாதி டம்ளரில் நீர்த்துவிடும். எச்சிலில் உள்ள நொதி மாவுச்சத்தை உடைத்துவிடுகிறது என்று தெரபிஸ்ட் விளக்கினார். வாயில் வைத்த ஸ்பூன் திரும்பத் திரும்பக் கஞ்சிக்குள் போனதுதான் காரணம். இப்போது சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துத் தருகிறோம். தண்ணீருக்கும் காபிக்கும் பிசின் வகைக் கெட்டிப்பொடி கலக்கிறோம், அது எச்சிலில் அவ்வளவு எளிதாக நீர்க்காது.

கெட்டித் தண்ணீர் யாருக்கும் பிடிக்காது, குடிப்பது குறைந்துவிடும். எத்தனை டம்ளர் என்று தினமும் குறித்து வையுங்கள். சிறுநீர் அடர் மஞ்சளாக இருந்தால் போதவில்லை என்று அர்த்தம்.

படி 5: ஊட்டுவது

தூக்கக் கலக்கத்தில் ஊட்டவே கூடாது. பல்செட் இருந்தால் மாட்டிவிடுங்கள். உருண்டை பிடித்துக் கையால் ஊட்டினால் அளவு பெரிதாகிவிடும், சின்ன டீஸ்பூனில் முக்கால் அளவு போதும். பலமான பக்கக் கன்னத்தில் வையுங்கள். தொண்டை எலும்பு ஏறி இறங்குவதைப் பார்த்து, வாய் காலியான பிறகே அடுத்தது. வாயில் சோறு இருக்கும்போது கேள்வி கேட்காதீர்கள், அவர் பதில் சொல்லப் பார்ப்பார்.

சாப்பிட்ட பின் அரை மணி நேரம் நிமிர்ந்தே உட்காரட்டும். கன்னத்தில் ஒதுங்கியதை எடுத்துவிட்டு, பிரஷ்ஷால் பல்லும் நாக்கும் தேய்த்துவிடுங்கள். வாயில் உள்ள கிருமிகள் எச்சிலோடு நுரையீரலுக்குப் போவதுதான் நிமோனியாவாக மாறுகிறது. எதுவும் சாப்பிடாதவருக்கும் வாய்ச் சுத்தம் வேண்டும்.

அடைத்துக்கொண்டால்

பலமாக இரும முடிகிறது என்றால் காற்று போகிறது. முன்னால் குனிய வைத்து இருமவே விடுங்கள். தண்ணீர் கொடுக்காதீர்கள், தலையில் தட்டாதீர்கள், வாய்க்குள் கண்மூடித்தனமாக விரலை விடாதீர்கள்.

இருமவோ பேசவோ மூச்சு விடவோ முடியாவிட்டால், ஒருவர் 108-ஐ அழைக்க, நீங்கள் பக்கவாட்டில் நின்று அவர் நெஞ்சை ஒரு கையால் தாங்கி முன்னால் குனிய வையுங்கள். உள்ளங்கையின் அடிப்பகுதியால் இரண்டு தோள்பட்டைகளுக்கு நடுவே ஐந்து முறை பலமாகத் தட்டுங்கள். வெளியே வராவிட்டால் பின்னால் நின்று கைகளைச் சுற்றிக்கொண்டு, தொப்புளுக்கு மேல் முஷ்டியை வைத்து உள்ளேயும் மேலேயுமாக ஐந்து முறை அழுத்துங்கள். வெளியே வரும்வரை ஐந்தும் ஐந்துமாக மாற்றி மாற்றிச் செய்யுங்கள். நினைவு தப்பினால் தரையில் படுக்க வைத்து நெஞ்சை அழுத்தும் முதலுதவியைத் தொடங்க வேண்டும். வயிற்றை அழுத்தி அவர் பிழைத்து எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள், அந்த அழுத்தத்தில் உள்ளே காயம் பட்டிருக்கலாம்.