ஃபீல்டிங் வரைபடத்தை வார்த்தையில் எழுதுவது எப்படி?

நோட்டில் ஒரு வட்டம் போட்டு, நடுவில் பிட்ச், சுற்றிப் பதினோரு புள்ளிகள். வரைந்தவருக்கு அது போதும். அதையே போனில் ஒருவருக்குச் சொல்ல வேண்டுமென்றால்தான் சிக்கல். ஒருமுறை நான் "ரைட் சைடுல கொஞ்சம் தள்ளி" என்று சொல்லப்போக, எதிர்முனையில் இருந்தவர் பவுலரின் பார்வையில் வலது பக்கம் என்று எடுத்துக்கொண்டு மொத்த ஃபீல்டையும் தலைகீழாக வரைந்து வைத்திருந்தார்.

அதனால் முதல் வேலை, எங்கிருந்து பார்க்கிறோம் என்பதை முடிவு செய்வது. பேட்ஸ்மேனின் நடு ஸ்டம்பில் நின்று பவுலரைப் பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பவுலர் இருக்கும் திசைதான் கடிகாரத்தின் 12 மணி, கீப்பர் பக்கம் 6 மணி. வலது கை பேட்ஸ்மேனுக்கு 3 மணிப் பக்கம் ஆஃப் சைடு, 9 மணிப் பக்கம் லெக் சைடு. இந்த ஒரு வரியை விளக்கத்தின் தொடக்கத்திலேயே எழுதிவிட வேண்டும், கூடவே பேட்ஸ்மேன் எந்தக் கை என்பதையும்.

அடுத்தது தூரம், இங்கேதான் பலரும் சறுக்குவது. பவுண்டரியின் தூரத்தைப் பிட்சின் நடுவிலிருந்து அளப்பது வழக்கம், நாமோ ஸ்டம்பிலிருந்து அளக்கிறோம். பிட்ச் 22 கஜம், அதாவது 20 மீட்டர் சொச்சம். ஆக இரண்டு அளவுக்கும் நடுவே 10 மீட்டர் வித்தியாசம் வரும். 65 மீட்டர் பவுண்டரி என்றால் பேட்ஸ்மேனிடமிருந்து பவுலர் பக்கம் நேராக 75 மீட்டர், கீப்பருக்குப் பின்னால் நேராக 55 மீட்டர்தான். இதைக் கவனிக்காமல் 'ஃபைன் லெக், 65 மீட்டர்' என்று எழுதினால் ஆளைக் கயிற்றுக்கு வெளியே நிறுத்திவிடுவோம். மீட்டர் கணக்குப் பழகாதவர்கள் பெரிய எட்டு ஒன்றை ஒரு மீட்டராக வைத்துக்கொள்ளலாம், இந்த வேலைக்கு அது தாராளமாகப் போதும்.

சரி, ஒரு ஃபீல்டை எழுதிப் பார்ப்போம். டெஸ்ட் மேட்ச், புதுப்பந்து, வேகப்பந்து வீச்சாளர், வலது கை பேட்ஸ்மேன், 65 மீட்டர் பவுண்டரி. தூரங்கள் தோராயம்தான், பவுலரின் வேகத்தையும் பிட்சின் பவுன்ஸையும் பொறுத்து மாறும்.

"கீப்பர் 6 மணியில், 16 மீட்டர் பின்னால். அவருக்கு வலது பக்கம் இரண்டு மீட்டர் தள்ளி, அரை எட்டு பின்னால் முதல் ஸ்லிப், அதே இடைவெளியில் இரண்டாவது ஸ்லிப். கல்லி 4 மணியில் 12 மீட்டர். பாயிண்ட் 3 மணியில் 25, கவர் 2 மணியில் 27, மிட் ஆஃப் 1 மணியில் 30. மிட் ஆன் 11 மணியில் 30, மிட்விக்கெட் 10 மணியில் 27. ஃபைன் லெக் 7 மணியில் பவுண்டரியை ஒட்டி, 55 மீட்டர்."

ஸ்லிப்பை மட்டும் மணிக்கணக்கில் சொல்லாமல் கீப்பரை வைத்துச் சொன்னதைக் கவனித்தீர்களா? பக்கத்துப் பக்கத்தில் நிற்பவர்களுக்கு மணி உதவாது, ஸ்லிப்பும் கீப்பரும் 5 மணிக்கும் 6 மணிக்கும் நடுவில் நெருக்கியடித்து நிற்பார்கள். அங்கே பக்கத்து ஆளிடமிருந்து எத்தனை மீட்டர் என்பதுதான் தெளிவு. மற்றவர்களை வரிசையாக ஒரே திசையில் சுற்றி வந்து எழுதுவதும் நல்லது, தாவித் தாவி எழுதினால் ஒருவர் விடுபட்டுப்போவார்.

பெயரிலேயே தூரம் மாறும் இடங்களும் உண்டு. 'டீப்' என்று முன்னால் சேர்ந்தால் பவுண்டரிப் பக்கம், 'ஷார்ட்' என்றால் பேட்ஸ்மேனுக்குக் கிட்டே, 'சில்லி' என்றால் இன்னும் கிட்டே. 'டீப் பாயிண்ட்' என்பதும் 3 மணிதான், ஆள் மட்டும் கயிற்றோரம்.

எழுதி முடித்ததும் எண்ணுங்கள். பவுலரையும் கீப்பரையும் சேர்த்துப் பதினோரு பேர் வர வேண்டும். அப்புறம் லெக் சைடில் பேட்டிங் கிரீஸுக்குப் பின்னால், அதாவது ஏறக்குறைய 6 மணிக்கும் 9 மணிக்கும் நடுவில், எத்தனை பேர் என்று பாருங்கள். கீப்பரைத் தவிர இரண்டு பேருக்கு மேல் அங்கே நின்றால் நோபால். நம் ஃபீல்டில் ஃபைன் லெக் ஒருவர்தான், பிரச்சினை இல்லை.

பேட்ஸ்மேன் மாறி இடது கை ஆள் வந்தால் எல்லாவற்றையும் திரும்ப எழுத வேண்டாம். 12-லிருந்து மணியைக் கழித்தால் போதும், 2 மணி கவர் 10 மணிக்குப் போய்விடும், 4 மணி கல்லி 8 மணிக்கு. தூரம் அப்படியே இருக்கும். ஸ்லிப்புக்கு மட்டும் 'கீப்பருக்கு வலது பக்கம்' என்பதை 'இடது பக்கம்' என்று மாற்ற வேண்டும், அதைத்தான் எல்லோரும் மறப்பார்கள்.