ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைக்கு ஒரே கணக்கு, மூன்று திட்ட அறிக்கை

காரைக்குடிப் பக்கம் புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் ஆடிட்டரிடம் ஒரே ஒரு திட்ட அறிக்கை வாங்கி, அதையே வங்கிக்கும், மாவட்டத் தொழில் மையத்துக்கும், பணம் போட வருகிற தெரிந்தவருக்கும் கொடுத்துவிடுகிறார்கள். மூவரும் வேறு வேறு கேள்வியோடு படிப்பதால், தனக்கு வேண்டிய பதில் முதல் இரண்டு பக்கத்தில் இல்லாவிட்டால் ஓரமாக வைத்துவிடுவார்கள். அதற்காக மூன்று விதமாகக் கணக்கு எழுதக்கூடாது. எண்கள் ஒன்றாகவே இருக்கட்டும். எதை முதலில் சொல்வது, எதை விரித்துச் சொல்வது என்பது மட்டும் மாறும்.

ஆத்தங்குடியில் ஒரு பெண் டைல்ஸ் பட்டறை போடுவதாக வைத்துக்கொள்வோம். கீழே வரும் தொகைகள் பழகுவதற்கான மாதிரிதான். உங்கள் அறிக்கையில் உங்கள் ஊர் விலைப்பட்டியலைப் போடுங்கள்.

படி 1: மூலக் கணக்கு

இந்தத் தொழிலில் பெரிய இயந்திரமும் இல்லை, சூளையும் இல்லை. கண்ணாடித் தகட்டின் மேல் உலோக அச்சை வைத்து, வண்ணச் சிமெண்ட் கலவையை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்துகிறார்கள். பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு, எடுத்துக் காயவைக்கிறார்கள். ஆகவே பணம் முடங்குவது ஊறுகிற கல்லிலும், அடுக்கி வைத்த கல்லிலும், கட்டட வேலைக்காரர்களிடம் நிற்கும் பாக்கியிலும்தான். பலர் கொட்டகைக்கும் அச்சுக்கும் மட்டும் கணக்குப் போட்டுவிட்டு, இந்த நடைமுறை மூலதனத்தைக் கோட்டை விடுகிறார்கள்.

நம் கணக்கு இது. கொட்டகை, தொட்டி, அச்சு, கண்ணாடி, மேசை எல்லாம் சேர்த்து 6.5 லட்சம். மாதச் செலவு ஏறக்குறைய 1.2 லட்சம். சரக்கு வாங்கி ஊறவைக்க ஒரு மாதம், இருப்புக்கு ஒரு மாதம், பாக்கி வர ஒரு மாதம் என மூன்று மாதச் சுழற்சிக்குச் சுமார் 3.5 லட்சம். மொத்தம் 10 லட்சம்.

மாதம் 2,500 சதுர அடி, அடிக்கு 65 ரூபாய் என்றால் ஆண்டு விற்பனை 19.5 லட்சம். மூலப்பொருள் 5.4, ஐந்து பேர் கூலி 6.9, உடைசல், வண்டி, மின்சாரம் எல்லாம் 2 லட்சம். மீதி 5.2 லட்சம். இதை ஒரு தாளில் எழுதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இனி எந்தப் பிரதியிலும் இந்தத் தாளைத் தாண்டக்கூடாது.

படி 2: அரசுத் திட்டப் பிரதி

பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். இங்கே கோப்பைப் பார்ப்பவர் உங்கள் லாபத்தைவிட, விதிக்குள் வருகிறீர்களா என்றுதான் முதலில் பார்ப்பார். அதனால் முதல் பக்கத்திலேயே இவை தெரியட்டும்: புதிய பட்டறை, கிராமப் பகுதி, விண்ணப்பதாரர் பெண், ஐந்து பேருக்கு வேலை. பெண்கள் சிறப்புப் பிரிவில் வருவதால் கிராமத்தில் 35 சதவீத மானியம். சொந்தப் பங்கு 5 சதவீதம். 10 லட்சத்துக்கு 50 ஆயிரம் நீங்கள் போட, 9.5 லட்சம் வங்கி தரும். மானியம் 3.5 லட்சம்.

இதில் வழக்கமாக இடறும் இடம் நிலம். நிலத்தின் விலையைத் திட்டச் செலவில் சேர்க்கவே கூடாது. கொட்டகை வாடகை என்றால் அதிகபட்சம் மூன்று ஆண்டுக்குத்தான் சேர்க்கலாம். "நம்ம இடம்தானே, அதுக்கும் ஒரு மதிப்பு போடுவோம்" என்று எழுதினால் கோப்பு திரும்பி வரும்.

செட்டிநாட்டு மரபு, அரண்மனை வீடுகள் பற்றி மூன்று பக்கம் எழுதுவதும் இங்கே வீண். ஒரு பத்தி போதும். உத்தியோகஸ்தருக்கு வேண்டியது விலைப்பட்டியலும் சான்றிதழும்.

படி 3: வங்கிப் பிரதி

மானிய விண்ணப்பம் வங்கிக்குத்தான் போகிறது என்பதால் அதே எண்களை மேனேஜரும் பார்ப்பார். மானியத்தைப் பார்த்து அவர் கடன் தருவதில்லை. அந்தத் தொகை மூன்று ஆண்டு வைப்பாக நிற்கும், அதற்குப் பிறகுதான் கடனில் கழியும். அவர் கேட்பது ஒன்றே: மாதா மாதம் தவணை கட்ட எங்கிருந்து பணம் வரும்?

சொந்தப் பணம் போக, கொட்டகைக்கும் சாமானுக்கும் 6 லட்சம் தவணைக் கடன், 3.5 லட்சம் நடைமுறைக் கடன். ஐந்து ஆண்டு, 11 சதவீத வட்டி என்று வைத்தால், முதல் ஆண்டில் அசல் 1.2 லட்சமும் வட்டி 66 ஆயிரமும் சேர்த்து 1.86 லட்சம் கட்ட வேண்டும். மானியத் தொகைக்குரிய வட்டிச் சலுகையை இதில் நான் கழிக்கவில்லை. கணக்கு கொஞ்சம் இறுக்கமாகவே இருக்கட்டும்.

கையில் 5.2 லட்சம் மீதி. நடைமுறைக் கடன் வட்டி 40 ஆயிரம், வீட்டுச் செலவுக்கு மாதம் 15 ஆயிரம் வீதம் 1.8 லட்சம் கழித்தால் 3 லட்சம் நிற்கும். 3 லட்சத்தை 1.86-ஆல் வகுத்தால் 1.6. இதைத்தான் கடன் அடைக்கும் திறன் விகிதம் என்கிறார்கள். 1-க்குக் கீழே போனால் தவணை தவறும். வீட்டுச் செலவைக் காட்டாமல் விகிதத்தை உயர்த்துகிறவர்கள் உண்டு. அனுபவமுள்ள மேனேஜர் அதை ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்.

அப்புறம் விற்பனை 10 சதவீதம் குறைந்தால் என்ன ஆகும் என்றும் நீங்களே எழுதிக் காட்டுங்கள். ஆட்களுக்கு மாதச் சம்பளம் என்றால் கையில் 1.6 லட்சம்கூட மிஞ்சாது, விகிதம் 0.85. கல் எண்ணிக்கைக்குக் கூலி என்றால், கல் குறையும்போது கூலியும் குறைவதால் 1.2-க்கு மேல் நிற்கும். ஆகவே கூலி முறையை ஒரு வரியில் சொல்வது வங்கிப் பிரதியில் மிகப் பெரிய பலம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கல் காய்வது தாமதமாகும் என்பதால், வரவு செலவை மாதவாரியாகப் போட்டு அந்த மாதங்களில் வரவைக் குறைத்தே காட்டுங்கள். ஜாமீன் பற்றிப் பயம் வேண்டாம். இந்த அளவுச் சிறுதொழில் கடனுக்குச் சொத்து அடமானம் கேட்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி.

படி 4: முதலீட்டாளர் பிரதி

சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் உறவினர் ஒருவர் 5 லட்சம் போடத் தயார் என்று வைப்போம். அவருக்குத் தவணை விகிதம் பெரிதல்ல. சதுர அடிக்கு எவ்வளவு நிற்கிறது என்பார். 65 ரூபாயில் பொருள் 18, கூலி 23, மற்றவை 7, மிச்சம் 17. இதை முதல் பக்கத்தில் வையுங்கள்.

அடுத்த கேள்வி, இது எவ்வளவு பெரிதாகும்? இங்கே நேர்மையாகச் சொல்ல வேண்டும். கையால் ஊற்றும் கல், ஆளைக் கூட்டாமல் இரட்டிப்பாகாது. தேர்ந்த கை கிடைப்பதும் எளிதல்ல. ஆகவே அளவைவிட விலையில் வளர்வதாகத்தான் காட்ட முடியும்: கட்டட வடிவமைப்பாளர் கேட்கும் தனி வடிவம், பதித்துக் கொடுக்கும் வேலை. "ஐந்து ஆண்டில் பத்து மடங்கு" என்ற வாக்கியத்தை எடுத்துவிடுங்கள். அவர் பணம் எதற்குப் போகிறது, எப்போது, எந்தக் கணக்கில் திரும்பும் என்பதை எழுதுங்கள்.

இதில்தான் பெரிய சிக்கல். தனிநபர் பட்டறையில் பங்கு கொடுக்க முடியாது. அதற்குக் கூட்டு நிறுவனமோ பிரைவேட் லிமிடெட் கம்பெனியோ வேண்டும். ஆனால் நாம் விண்ணப்பித்த மானியம் தனிநபர் என்ற பெயரில். கம்பெனி என்று எழுதிய பிரதியும் தனிநபர் என்று எழுதிய பிரதியும் ஒரே நேரத்தில் சுற்றினால் இரண்டும் கெடும். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மானியம்தான் வேண்டுமென்றால், உறவினர் பணத்தை எழுத்துப்பூர்வக் கடனாக வாங்கி, வங்கிப் பிரதியிலும் ஐந்தொகையில் காட்டிவிடுங்கள். அந்தக் கடனுக்குக் கட்டும் வட்டியும் மேலே போட்ட 3 லட்சத்தில் இருந்துதான் போகும், விகிதத்தைத் திரும்பப் போட வேண்டும்.

படி 5: ஒத்துப் பார்த்தல்

மூன்று பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மொத்தத் திட்டச் செலவு, ஆண்டு விற்பனை, வேலையாட்கள் எண்ணிக்கை, நிறுவனத்தின் வகை ஆகிய நான்கையும் பென்சிலால் வட்டமிடுங்கள். முதலீட்டாளருக்கு எட்டு ஆள், வங்கிக்கு ஐந்து ஆள் என்று இருந்தால் எதை மாற்றுவது என்று யோசிக்க வேண்டாம். மூலத் தாளில் என்ன இருக்கிறதோ அதுதான்.