"சாப்பாடு பத்தவில்லை" என்று எழுதும் முன்

சுங்கை சிப்புட்டில் என் தங்கச்சியின் கல்யாண விருந்து முடிந்த மறுநாள் வீட்டில் ஒரே பேச்சு. ஆட்டிறைச்சி பத்தவில்லை, கேட்டரிங்காரர் ஏமாற்றிவிட்டார் என்று. மாப்பிள்ளை அப்போதே விமர்சனம் எழுத போனை எடுத்துவிட்டார். தட்டுக் கணக்கைக் கேட்டுவிட்டு எழுதுங்கள் என்றேன்.

நாங்கள் பணம் கட்டியது 500 பேருக்கு. வந்த தட்டு 550. ஒன்றுகூட மிஞ்சவில்லை, கடைசியில் காகிதத் தட்டு 40 எடுத்தார்கள். இரண்டாம் முறை புதுத் தட்டு எடுத்தவர்களைக் கழித்தாலும், சொன்னதைவிடக் கூட்டம் அதிகம்தான். ஓர் அழைப்பிதழுக்கு இரண்டு பேர் என்று நாங்கள் கணக்குப் போட்டிருந்தோம். தோட்டத்திலிருந்து வேன் பிடித்து வருகிறவர்கள் பாட்டி, பிள்ளைகளோடுதானே வருவார்கள்!

ஆனால் கேட்டரிங்காரர் பக்கமும் தவறு உண்டு. எலும்போடு 50 கிலோ இறைச்சி என்று பேச்சு. 500 பேருக்குத் தலைக்கு 100 கிராம், வெந்தால் இன்னும் சுருங்கும். அந்தச் சட்டியருகில் பரிமாற ஆள் நிற்கவில்லை. முதலில் வந்தவர்கள் குவித்துக்கொண்டார்கள், பின்னால் நின்றவர்களுக்குக் குழம்புதான். ஆகவே, "500 பேருக்குச் சொன்னோம், கூட்டம் அதைத் தாண்டியது, 9.15க்கு ஆட்டிறைச்சி தீர்ந்தது, பரிமாற ஆள் வைக்கவில்லை, கோழிப் பிரட்டல் கடைசிவரை இருந்தது" என்று எழுதினோம். அடுத்து கல்யாணம் வைத்திருப்பவர் இதைப் படித்தால், பேசும்போதே ஆள் நிறுத்தச் சொல்வார்.

இன்னொரு தவறு, பெண்ணும் மாப்பிள்ளையும் மட்டும் உட்கார்ந்து எழுதுவது. மேடைக்கு முன்னாலிருக்கும் அவர்கள் மேசைக்குச் சாப்பாடு சூடாக, நிறைவாக வந்துவிடும். கதவோரக் கடைசி மேசையில் இருந்த பெரியப்பாவைக் கேட்டால்தான் நிஜம் தெரியும். சோறு ஆறியிருந்தது, தண்ணீர் கேட்டு இரண்டு முறை எழுந்து போனேன் என்றார். அவர் சொன்னதையும் சேர்த்தோம்.

நேரத்தைப் பற்றி எழுதும்போது யார் தாமதம் என்று பிரித்துச் சொல்லுங்கள். அழைப்பிதழில் 7 மணி. சாப்பாடு 6.40க்கே தயார். ஒப்பனை முடிந்து ஜோடி உள்ளே வந்தது 8.50க்கு, கேக் வெட்டிய பிறகுதான் மூடியைத் திறந்தார்கள். சோறு ஆறியதற்குக் கேட்டரிங்காரரை மட்டும் எப்படிக் குறை சொல்வது? அடுப்புத் திரி பாதியில் அணைந்தும் யாரும் மாற்றவில்லை என்பது அவர் குறை, அதை எழுதலாம்.

பணியாளர்கள் விஷயத்தில் மண்டபத்து ஆளா, கேட்டரிங் ஆளா என்பது முக்கியம். எங்களிடம் கத்தியவர் 11 மணிக்கு ஏர்கோன் அடைத்த மண்டபத்துக் காவலாளி. பரிமாறிய பிள்ளைகள் அன்று ஒரு இரவுக்காக வந்தவர்கள், பாவம், பாட்டிக்குக் கைத்தாங்கலாக நாற்காலிவரை கூட்டிப்போனார்கள். "ஆட்கள் மோசம்" என்று ஒரு வரியில் முடித்திருந்தால் அந்தப் பிள்ளைகள் தலையில் விழுந்திருக்கும்.