விபத்து நோட்டீஸில் காரணத்தை முதல் நாளே எழுதாதீர்கள்

கட்டட சைட்டில் விபத்து நடந்தால், கான்ட்ராக்டர் ஓனருக்கு அன்றே அனுப்பும் நோட்டீஸில் கண்ணால் கண்டது மட்டும் இருக்கட்டும். காரணம் அடுத்த கடிதத்தில் போகட்டும். "காலை 10.40, வடக்குச் சுவர், சாரத்தின் இரண்டாம் அடுக்குப் பலகை நழுவியது, ஒரு முனைக் கட்டு அறுந்திருந்தது, கொத்தனாருக்கு மணிக்கட்டில் அடி" என்பது போதும். "கவனக்குறைவு" என்று எழுதிவிட்டால், கயிறு இற்றுப்போயிருந்தது பிறகு தெரிந்தாலும் இன்ஷூரன்ஸ்காரர் அந்த வார்த்தையைத்தான் பிடித்துக்கொள்வார். திருத்த நடவடிக்கையில் முடிந்ததையும் பாக்கியையும் பிரித்து, பாக்கிக்கு ஆள் பெயரும் தேதியும் போடுங்கள். "இனி கவனமாக இருப்போம்" என்பதெல்லாம் நடவடிக்கையே அல்ல.

உயிரிழப்போ, 48 மணி நேரத்துக்கு வேலைக்கு வர முடியாத காயமோ என்றால் இது மட்டும் போதாது. அரசுக்கும் தனி நோட்டீஸ் போக வேண்டும். கோவை கான்ட்ராக்டரானாலும் சைட் கஞ்சிக்கோட்டில் என்றால், அது கேரள அலுவலகத்துக்கே.